லயத்து வாசலில் ஒரு பழைய ஈஎக்ஸ்5: வாங்குவதற்கு முன் பத்திரம், எஞ்சின், ஓட்டம் ஆகியவற்றைப் பரிசோதிக்கும் முறை

சுங்கை சிப்புட் பட்டணத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பழைய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் கடைகளில் கைமாறுவதில்லை. லயத்து வாசலிலோ, கோயில் திடலிலோ, சாப்பாட்டுக் கடையின் ஓரத்திலோ, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் பேசி முடிக்கிறோம். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விற்பவர் நேர்மையானவராகவே இருந்தாலும், தம் வண்டிக்குள் என்ன தேய்ந்திருக்கிறது என்பதோ, தம்மிடம் உள்ள பத்திரத்தில் என்ன சிக்கல் இருக்கிறது என்பதோ அவருக்கே தெரியாமல் இருக்கக்கூடும். ஆகவே பரிசோதனை செய்வது அவரைச் சந்தேகிப்பது ஆகாது.

இந்த வழிகாட்டியில் ஹோண்டா ஈஎக்ஸ்5 வகைக் கப்சாயை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், நான்கு கியர், கைப்பிடி கிளட்ச் இல்லாத அமைப்பு என்று எளிமையாக இருப்பதால் தோட்டப் புறத்தில் இன்றும் அதிகம் விற்பனைக்கு வருவது இதுதான். என் அக்காள் மகனுக்குச் செம்பனை ஆலையில் மாற்றுநேர வேலை கிடைத்தபோது அவனுக்காக இரண்டு வண்டிகளைப் பார்த்தோம். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை வாங்கினோம். அந்த இரண்டையும் வைத்தே சொல்லுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு முடிவை மனத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படும் ஒவ்வொரு குறையையும் மூன்றில் ஒன்றாகப் பிரிக்க வேண்டும். பட்டறையில் கேட்டால் இவ்வளவு செலவு என்று உடனே சொல்லக்கூடிய குறை முதல் வகை. அதை விலையில் கழித்துக்கொள்ளலாம். எஞ்சினைப் பிரித்தால்தான் செலவு தெரியும் என்ற குறை இரண்டாம் வகை. வண்டி மிக மலிவாக இருந்தாலன்றி அதைத் தொட வேண்டாம். பத்திரக் குறை மூன்றாம் வகை. எந்த விலைக்குக் கிடைத்தாலும் அந்த வண்டியை எடுக்கக்கூடாது. ஏனென்றால் தேய்ந்த எஞ்சினை யாரும் சரிசெய்துவிடலாம்; உங்கள் பெயருக்கு மாறாத வண்டியை எந்தப் பட்டறையும் உங்களுடையதாக்க முடியாது.

முதலில் பத்திரம்

பலர் எஞ்சினைக் கேட்டு மனம் மயங்கிய பிறகே பத்திரத்தைப் பார்க்கிறார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்லுவேன். வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே, தொலைபேசியில் பேசும்போதே, வண்டி யார் பெயரில் இருக்கிறது, கடன் முடிந்துவிட்டதா, சாலை வரி எதுவரை இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்.

நாங்கள் முதலில் பார்த்த வண்டி ஒரு விதவைத் தாயாருடையது. கணவர் நன்றாகப் பராமரித்திருந்தார். எஞ்சின் முணுமுணுப்பதுபோல் அமைதியாக ஓடியது. உரிமைச் சான்றிதழை, அதாவது நாம் கெரான் என்று சொல்லும் தாளை, அவர் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அதில் இறந்துபோன கணவரின் பெயர் அப்படியே இருந்தது. "அவரு பேர்லதான் இருக்கு தம்பி. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, இங்க யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். அவர் சொன்னதில் வஞ்சனை எதுவும் இல்லை. ஆனால் பெயர் மாற்றத்துக்கு உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். இறந்தவர் வந்து கைரேகை வைக்க முடியாது என்பதால், அமானா ராயா வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ சொத்தை நிர்வகிக்கும் ஆணையை வாரிசுகள் முதலில் பெற வேண்டும். அதைப் பெற வேண்டியவர்கள் வாரிசுகள்தாமே தவிர, வாங்குபவர் அல்லர். இதை அந்தத் தாயாருக்கு விளக்கி, ஆணை கிடைத்ததும் வண்டிக்கு இன்னும் நல்ல விலையே கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வந்தோம். எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது மூன்றாம் வகைக் குறைதான்.

உயிரோடு இருப்பவரே விற்கிறார் என்றால், அவருடைய கைப்பேசியில் MyJPJ செயலியை உங்கள் கண்ணெதிரே திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒருவர் பெயரில் பதிவான வண்டிகளே அவருடைய கணக்கில் தெரியும். ஆகவே விற்கும் வண்டியின் எண் அங்கே இல்லையென்றால் அது அவருடைய பெயரில் இல்லை என்று பொருள். முன்பே எடுத்து வைத்த படத்தைக் காட்டினால் ஏற்றுக்கொள்ளாமல், செயலியையே திறக்கச் சொல்லுங்கள். தீர்க்கப்படாத சம்மன்களால் பெயர் மாற்றம் தடைபடலாம். எனவே போலீஸ் சம்மன்களையும் ஜேபிஜே சம்மன்களையும் அவரே பார்த்துக் கட்டி முடித்த பிறகுதான் முன்பணம் தருவேன் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து, கெரானில் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டி இன்னும் கடனில் இருக்கிறது. "மீதித் தவணையை நீங்க கட்டுங்க, முடிஞ்சதும் பேரை மாத்திக்கலாம்" என்று சொல்லும் சம்புங் பாயார் ஏற்பாடு நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். ஆனால் அதில் தவணை கட்டுபவர் ஒருவராகவும் வண்டிக்கு உரியவர் வேறொருவராகவும் இருப்பதால், நடுவில் ஒருவர் தவறினாலும் நீங்கள் கட்டிய பணமும் வண்டியும் சேர்ந்தே போகும். விற்பவர் கடனை அடைத்து, அந்த உரிமைக் கோரிக்கை நீங்கிய பிறகு வாங்குங்கள்.

கெரானைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியருகே குனிந்து இரண்டு எண்களைச் சரிபார்க்க வேண்டும். எஞ்சின் எண் எஞ்சின் கூட்டின் கீழ்ப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். தோட்டத்து வண்டியில் அதன்மேல் செம்மண்ணும் கிரீஸும் விரலளவு படிந்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, கெரானில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறகு வண்டியின் இரும்புச் சட்டத்தில் பொறித்த எண்ணையும் அவ்வாறே பாருங்கள். எண் சரியாக இருந்தாலும் அந்த இடத்தை நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். சுற்றிலும் சொரசொரப்பாக இருக்கும் வார்ப்பு, எண் இருக்கும் இடத்தில் மட்டும் வழவழப்பாகவோ குழிவாகவோ இருந்தால், அல்லது எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் ஒன்றுக்கொன்று மாறுபட்டால், அங்கே அரத்தால் வேலை நடந்திருக்கிறது. பழைய எஞ்சின் கெட்டுப்போய் வேறொரு வண்டியின் எஞ்சினை மாட்டிவிட்டு ஜேபிஜேயில் பதிவு செய்யாமல் விடுவதும் உண்டு. அதில் திருட்டு எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் எண் ஒத்துப்போகாததால் பெயர் மாற்றத்தின்போது வண்டி சிக்கிக்கொள்ளும்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்

இரண்டாவது வண்டியைப் பார்க்க மாலை ஐந்து மணிக்குப் போனோம். வண்டிக்காரர் செம்பனைக் குலை வெட்டும் பெரியவர். கேட்ட விலை 2,600 ரிங்கிட். நான் முதலில் செய்தது எஞ்சின் தலைப்பகுதியில் புறங்கையை வைத்துப் பார்த்ததுதான், சூடாக இருந்தது. கடைக்குப் போய் வந்ததாகச் சொன்னார், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தேய்ந்த எஞ்சினின் பாதிக் குறைகள் சூடேறியதும் மறைந்துவிடும் என்பதால், "ஐயா, நாளைக் காலையில ஏழு மணிக்கு வரோம், நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டோம். அவர் தடை ஏதும் சொல்லவில்லை. தடை சொல்லுகிற இடங்களில் அதுவே ஒரு செய்தி.

காலையில் சாவியைத் திறப்பதற்கு முன்பே இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை எடுத்து எண்ணெயை விரல் நுனிகளுக்கிடையே தேய்த்துப் பார்ப்பது. கறுப்பாக இருந்தால் கவலை இல்லை. பால் கலந்த தேநீரைப்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இதைக் காணலாம். தேனைப்போல் மிகக் கெட்டியாக, புத்தம் புதிதாக இருந்தால், சத்தத்தையும் புகையையும் அடக்குவதற்காகக் கனமான எண்ணெய் ஊற்றியிருக்கலாம். இரண்டாவது, சாவி மூடியிருக்கும்போதே உதைகோலைக் கையால் மெதுவாக அழுத்துவது. ஓரிடத்தில் அது உங்கள் கையை எதிர்த்து நிற்க வேண்டும். சற்று அழுத்தினால் மெல்லக் கசிந்து விட்டுக்கொடுக்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் பிஸ்டன் ரிங்கோ வால்வோ அழுத்தத்தைத் தாங்கவில்லை.

பிறகு ஸ்டார்ட் செய்து, முறுக்கியைத் தொடாமல் விடுங்கள். விற்பவர்கள் பலர் உடனே முறுக்கிக் காட்டுவார்கள். அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது. வண்டி தானாக மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் சத்தங்கள் தனித்தனியாகப் பிரியும். நீளமான ஒரு திருப்புளியின் முனையை எஞ்சினின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திக் கேட்டால், மருத்துவர் மார்பில் குழல் வைத்துக் கேட்பதுபோல் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று துல்லியமாகத் தெரியும். சுழலும் பாகங்களிலிருந்தும் புகைக்குழாயிலிருந்தும் சட்டையையும் கையையும் விலக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பகுதியில் உள்ள இரண்டு வட்ட மூடிகளின்மேல் வைத்தால் கேட்பது டேப்பட் சத்தம். தையல் இயந்திரம் ஓடுவதுபோல் மெல்லிய, சீரான 'டிக் டிக்' ஓசை இயல்பானது. அது கூடுதலாக இருந்தாலும் டேப்பட்டுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்வது சிறிய வேலை என்பதால், டேப்பட் சத்தத்துக்காக ஒரு வண்டியை ஒதுக்க வேண்டாம். உண்மையில் டேப்பட் சத்தமே இல்லாமல் அமைதியாக இருக்கும் எஞ்சினைப் பார்த்துத்தான் நான் சற்று யோசிப்பேன். இடைவெளி மிக இறுகியிருந்தால் வால்வு முழுமையாக மூடாமல் கருகும். அது சத்தம் காட்டாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் காற்றுக் கசிந்தாலும் 'சிக் சிக்' என்று டேப்பட்டைப்போலவே கேட்கும். அந்த இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம்.

எஞ்சினின் இடப்பக்கத்தில் வைத்தால் டைமிங் சங்கிலி கேட்கும். அந்தப் பெரியவரின் வண்டியில் இங்கேதான் குறை இருந்தது. ஸ்டார்ட் ஆனதும், தகர டப்பாவில் சிறு ஆணிகளைப் போட்டுக் குலுக்கியதுபோல் 'சலசல' என்ற ஓசை. ஒரு நிமிடம் போல ஓடியதும் குறைந்தது. சூடேறியதும் மிக மெல்லியதாகிவிட்டது. மாலையில் சூடாகக் கேட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. சங்கிலி நீண்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருப்பதன் அடையாளம் அது. மாற்ற வேண்டிய பாகம் எது, செலவு எவ்வளவு என்று சொல்லிவிடலாம் என்பதால் இது முதல் வகைக் குறை.

திருப்புளியை எஞ்சின் கூட்டின் நடுப்பகுதிக்கு இறக்கும்போது கேட்கக்கூடாத சத்தங்கள் இரண்டு. மூடிய கதவை விரல் மடக்கித் தட்டுவதுபோல் ஆழமான 'டொக் டொக்' ஓசை, முறுக்கியைச் சற்றுத் திறக்கும்போது கூடிக்கொண்டு வந்தால், கனெக்டிங் ராடின் அடிப்பகுதி தேய்ந்திருக்கிறது. ஆலையில் பெரிய இயந்திரம் உறுமுவதுபோல் 'கொர்' என்ற தொடர்ச்சியான ஓசை, வேகத்தோடு சேர்ந்து ஏறினால், கிராங்க் பேரிங் போயிருக்கிறது. இரண்டுக்கும் எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்த பிறகு வேறு என்ன தேய்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். அந்த ஓசை உங்களுக்கு உறுதியாகக் கேட்டால், நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

புகையைப் படிப்பதற்கு வெயிலைப் பின்னால் வைத்துக்கொண்டு, இருண்ட மரநிழலை நோக்கிப் புகைக்குழாயைத் திருப்பி நிறுத்துவது நல்லது. காலைக் குளிரில் மெல்லிய வெள்ளை ஆவி வந்து மறைவது வெறும் ஈரம். கறுப்புப் புகை, பெட்ரோல் அதிகமாகப் போவதைக் காட்டும். கார்புரேட்டர் வண்டிகளில் பெரும்பாலும் காற்று வடிகட்டியும் கார்புரேட்டரும் அழுக்கடைந்திருப்பதே காரணம். நீலம் கலந்த புகைதான் எண்ணெய் எரிவது. அது ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் வந்து நின்றால் வால்வு சீல். முறுக்கும்போதெல்லாம் விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும். செம்மண் தூசியில் ஓடும் தோட்டத்து வண்டிகளில் வடிகட்டியைக் கவனிக்காமல் விட்டால் தூசி உள்ளே போய் இந்த ரிங்குகளை அரம்போல் அராவிவிடும். ஆகவே வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பார்ப்பது வெட்டி வேலை அன்று. வடிகட்டியின் உட்புறத்தில், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்தில், மாவுபோல் சிவப்புத் தூசி ஒட்டியிருந்தால் அந்தத் தூசி ஏற்கனவே எஞ்சினுக்குள் போயிருக்கிறது.

தோட்டம் விட்டுச்சென்ற தழும்புகள்

பட்டணத்தில் ஓடிய வண்டிக்கும் தோட்டத்தில் ஓடிய வண்டிக்கும் வேறுபாடு எஞ்சினில் இருப்பதைவிடச் சட்டத்தில்தான் அதிகம். பின்னிருக்கையில் உரமூட்டையும் உதிரிப் பழச் சாக்கும் ஏற்றிய வண்டியில், பின் ஷாக்குகள் சட்டத்தோடு சேரும் இடத்திலும், பிற்காலத்தில் ஒட்டிய கேரியரின் வெல்டிங் ஓரங்களிலும் முடியளவு விரிசல் இருக்கலாம். சாயத்தில் ஒரு கோடு வெடித்து அதன் ஓரம் துருவேறியிருந்தால் அது வெறும் சாய விரிசல் அன்று. உரம் உப்பாகையால் படிந்த இடத்தில் இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். சட்டத்தின் அடிப்பகுதி, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் உட்புறம், பேட்டரிப் பெட்டியின் கீழ்ப்புறம் ஆகியவற்றைத் திருப்புளியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலித்துச் செதிலாக உதிரும்.

பிறகு நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்புறத்தை அழுத்த, முன் சக்கரம் தரையைவிட்டு எழும்பும்போது ஹேண்டிலை மிக மெதுவாக இடவலமாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் 'டக்' என்று பிடித்தால் கழுத்துப் பேரிங் குழிந்திருக்கிறது. அந்தப் பெரியவரின் வண்டியிலும் இது இருந்தது. அப்படியே பின் சக்கரத்தின் மேல்விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி, ஆட்டம் சக்கரத்திலிருந்து வருகிறதா, ஸ்விங் ஆர்மின் அச்சிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். பின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் சங்கிலித் தொகுப்பை மாற்ற வேண்டும். கிலோமீட்டர் எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. கால்வைக்கும் ரப்பரும் பிரேக் மிதியும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பது அதைவிட நேர்மையாகப் பேசும்.

ஓட்டிப் பார்த்தல்

பொதுச் சாலையில் ஓட்டுவதற்கு முன் சாலை வரியும் காப்புறுதியும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில காப்புறுதிகள் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநர்களை மட்டுமே உள்ளடக்கும் என்பதையும் கேட்டறியுங்கள். உங்களிடம் பி2 உரிமம் இருக்க வேண்டும். தலைக்கவசம் உங்களுடையதாக இருக்கட்டும். குறைந்தது பதினைந்து நிமிட ஓட்டம் தேவை. அதில் ஒரு மேடு, ஒரு நீண்ட இறக்கம், ஒரு நேரான தார்ச்சாலை ஆகிய மூன்றும் வரும்படி பாதையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

முதல் கியரில் போட்டு முறுக்காமல் விட்டால் வண்டி நகரக்கூடாது. நகர்ந்தால் தானியங்கிக் கிளட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது எஞ்சின் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடவிடப்பட்டிருக்கிறது. புறப்பட்டதும் ஒவ்வொரு கியரிலும் சற்று நேரம் ஓட்டி, முறுக்கியைத் திடீரென்று திறந்து, திடீரென்று மூடுங்கள். அந்த இழுப்பிலும் விடுப்பிலும் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்குப் போனால் கியர்ப் பற்களின் பிடி தேய்ந்திருக்கிறது. அதற்கும் எஞ்சினைப் பிளக்கத்தான் வேண்டும். மேட்டில் மூன்றாவது கியரில் ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி வேகம் பிடிக்கவில்லை என்றால் கிளட்ச் தட்டுகள் வழுக்குகின்றன; அது முதல் வகைக் குறை. அதே மேட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் முறுக்கும்போது, நின்ற நிலையில் கேட்காத 'டொக் டொக்' கேட்டால், அது பளுவில் மட்டும் வெளிப்படும் கனெக்டிங் ராடு சத்தமாக இருக்கலாம் என்பதால் திரும்பி வந்து மீண்டும் திருப்புளியை வையுங்கள்.

நீண்ட இறக்கம் எதற்காக என்றால், முறுக்கியை முழுதும் மூடி இறங்கும்போது எஞ்சினுக்குள் உறிஞ்சும் விசை கூடி, தேய்ந்த வால்வு சீல் வழியாக எண்ணெயை உள்ளே இழுத்துவிடும். அடிவாரத்தில் முறுக்கியைத் திறந்ததும் அது ஒரு குப்பென்ற நீலப் புகையாக வெளியே வரும். ஓட்டுபவருக்குத் தெரியாது, பின்னால் இன்னொரு வண்டியில் வருபவர்தான் பார்க்க வேண்டும். என் அக்காள் மகன் ஓட்ட, நான் பின்னால் போனேன். காலையில் நின்ற இடத்தில் புகையே காட்டாத வண்டி, இறக்கத்தின் முடிவில் ஒரே ஒரு முறை நீலமாக விட்டது, பிறகு தெளிந்துவிட்டது. முறுக்கும்போதெல்லாம் வரவில்லை என்பதால் ரிங் அன்று, வால்வு சீல் என்று தெரிந்தது.

நேரான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முறுக்கியை மூடி, கைப்பிடியை மிகத் தளர்வாகப் பிடித்தபடி வேகம் குறையவிடுங்கள். கைகளை முற்றிலும் எடுத்துவிடக்கூடாது. ஹேண்டில் நடுங்கினால் கழுத்துப் பேரிங்கோ டயரோ காரணம். வண்டி ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் சட்டமோ முன் கவையோ வளைந்திருக்கலாம். அதை உறுதிசெய்ய ஓர் எளிய வழி உண்டு. தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியருகே தேங்கியிருந்த நீரில் வண்டியை நேராக விட்டு, உலர்ந்த சிமெண்டுத் தரையில் ஏற்றச் சொன்னேன். இரண்டு சக்கரங்களின் ஈரத்தடமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடமாக விழுந்திருந்தால், பின் சக்கரம் முன் சக்கரத்தைப் பின்தொடரவில்லை என்று பொருள். சங்கிலியை இறுக்கும்போது அச்சைக் கோணலாக விட்டிருந்தாலும் அப்படி விழும் என்பதால், ஸ்விங் ஆர்மின் இருபக்கத்துக் குறிகளையும் சமமாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அதன் பிறகும் இரண்டு தடம் விழுந்தால் வண்டி வளைந்திருக்கிறது.

பிரேக், விளக்கு, ஹாரன், சிக்னல் ஆகியவற்றைப் பார்ப்பது நீங்கள் அறிந்ததே. அவை சில்லறைச் செலவுகள்.

விலையும் பெயர் மாற்றமும்

ஓட்டி முடித்ததும் எங்கள் கையில் இருந்த பட்டியல் நான்கே வரி. பழக்கமான பட்டறைக்காரரை அழைத்துக் கேட்டபோது, டைமிங் சங்கிலியும் டென்ஷனரும் 140, தலையைக் கழற்றும்போதே வால்வு சீலும் மாற்ற மேலும் 130, கழுத்துப் பேரிங் 70, சங்கிலியும் ஸ்பிராக்கெட்டும் 80 என்று சொன்னார். மொத்தம் 420 ரிங்கிட். அந்தத் தாளை அப்படியே பெரியவரிடம் காட்டி, "ஐயா, வண்டி நல்ல வண்டி. இந்த நாலு வேலைய மட்டும் கழிச்சுக் குடுங்க" என்றேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, ஸ்பிராக்கெட்டைத் தாமே குனிந்து பார்த்து, 2,200 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டார். வண்டியையே மட்டம் தட்டிப் பேசினால் மனிதர் முகம் சுருங்கிவிடும். குறையையும் செலவையும் தனித்தனியே எழுதிக் காட்டினால் பேச்சு எளிதில் முடிகிறது.

அன்று 100 ரிங்கிட் முன்பணம் கொடுத்து, வண்டி எண், விலை, நாள், இருவர் கையொப்பம் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொண்டோம். மீதியைப் பெயர் மாறும் இடத்தில்தான் கொடுத்தோம். அதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பெயர் மாற்றத்துக்கான பரிசோதனை பி5 எனப்படும். அங்கே எஞ்சின் எண்ணையும் சட்ட எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே முதன்மையான வேலை என்பதால், அதில் தேறிவிட்டது என்பதை எஞ்சினுக்கான நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாங்குபவர் பெயரில் புதிய காப்புறுதி எடுத்து, இருவரும் அடையாள அட்டையோடும் கெரானோடும் ஈப்போவில் ஜேபிஜே முகப்புக்குச் சேர்ந்தே போனோம். பெரியவர் ஒரு நாள் வேலையை விட்டு வந்ததால், போக வர எண்ணெய்ச் செலவும் பகல் சாப்பாடும் எங்களுடையது. பதிவில் பெயர் மாறியதை உறுதிசெய்துகொண்டு மீதி 2,100 ரிங்கிட்டை அங்கேயே எண்ணிக் கொடுத்தோம்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று மாலையே எண்ணெயை மாற்றினோம். பழைய எண்ணெயைச் சுத்தமான வெள்ளைத் துணியின் வழியாக வடிகட்டி, துணியை வெயிலில் விரித்துப் பார்த்தேன். மாவுபோன்ற சாம்பல் நிறப் படிவு தேய்மானத்தின் இயல்பான மிச்சம். ஊசிமுனை போன்ற இரும்புத் துகளோ, வெண்கல நிறச் சீவலோ மின்னினால் உள்ளே ஏதோ ஒன்று உதிரத் தொடங்கிவிட்டது என்று பொருள். துணியில் சாம்பல் நிறம் மட்டுமே இருந்தது. மறுநாள் காலை அக்காள் மகன் வண்டியைப் பட்டறையில் விட்டான். டைமிங் சங்கிலி வேலை முடிந்து அதன் மறுநாள் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தபோது, இடப்பக்கத்தில் வைத்த திருப்புளியில் அந்தச் சலசலப்பு இல்லை.